விலை குறைந்ததா, விலையேற்றம் குறைந்ததா? வெளியான அறிக்கைக்குத் திருத்த அறிவித்தல் எழுதும் முறை

கொழும்பிலுள்ள ஆய்வு நிறுவனங்களும் தொண்டு அமைப்புகளும் வெளியிடும் அறிக்கைகளில் பிழை கண்டுபிடிக்கப்பட்டால், பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. இணையத்தளத்திலுள்ள கோப்பு சத்தமின்றி மாற்றப்படுகிறது. அல்லது "அறிக்கையில் சில அச்சுப்பிழைகள் நேர்ந்தமைக்கு வருந்துகிறோம்" என்று ஒரு வரி எங்கோ சேர்க்கப்படுகிறது. பழைய பிரதியைக் கையில் வைத்திருப்பவருக்கு இவை இரண்டுமே பயன்படுவதில்லை. எந்தப் பக்கத்தில் எதை அடித்து எதை எழுத வேண்டும் என்பதை, வேறு எவரிடமும் கேளாமல், அறிவித்தலை மட்டும் பார்த்து அவர் செய்ய முடிய வேண்டும். இவ்வழிகாட்டி அந்த அளவுகோலைக் கொண்டே எழுதப்படுகிறது.

எழுத்துப்பிழையையும் பெயர்ப்பிழையையும் இங்கு விரித்துப் பேசப்போவதில்லை. "பக்கம் 9, வரி 4: 'கொட்டாஞ்சேணை' என்பதை 'கொட்டாஞ்சேனை' என வாசிக்கவும்" என்று எழுதினால் அந்த வேலை முடிந்துவிடும். எண் சரியாக இருந்து, அந்த எண்ணிலிருந்து பெறப்பட்ட கூற்று தவறாக அமைவதுதான் கடினமானது. அத்தகைய ஒன்றையே எடுத்துக்காட்டாக முழுவதும் பின்தொடர்வோம்.

எடுத்துக்காட்டு அறிக்கை

வடகொழும்பின் குறைந்த வருமானக் குடும்பங்களின் செலவுகள் பற்றி, 2023 டிசம்பரில், மும்மொழிகளிலும் வெளியான 48 பக்க அறிக்கை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அறிக்கை நான் அமைத்தது. அதில் வரும் பணவீக்க எண்கள் மட்டும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிட்ட உண்மையான எண்கள். அதன் தமிழ்ப் பிரதியின் 14 ஆம் பக்கத்தில் இவ்வாறு அச்சாகியுள்ளது:

"2022 செப்டெம்பரில் 69.8 சதவீதமாக இருந்த விலைவாசி 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதமாகக் குறைந்துள்ளது. அதாவது ஓராண்டில் பொருட்களின் விலைகள் 68.5 சதவீதத்தால் வீழ்ச்சியடைந்துள்ளன."

69.8 உம் 1.3 உம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி கணிக்கப்பட்ட ஆண்டுக்கு ஆண்டு பணவீக்கம். அவை விலைகள் அல்ல, விலைகள் உயர்ந்த வேகம். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய பொருட்தொகுதி 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 170 ரூபாவாயிற்று. 2023 செப்டெம்பரில் அது 100 ரூபாவை நோக்கித் திரும்பவில்லை. மேலும் சற்று ஏறி 172 ரூபாவை அண்மித்தது. அந்த ஆண்டில் சந்தைக்குப் போன எவருக்கும் இது தெரியும். ஆனால் அலுவலகத்தில் இருந்து எழுதுபவருக்கும் ஒப்புநோக்குபவருக்கும் எண்கள் சரியாக இருப்பதால் வாக்கியமும் சரியாகவே தோன்றுகிறது.

இந்தப் பிழை நுழையத் தமிழிலேயே ஒரு வாசல் இருக்கிறது. "1.3 சதவீதமாகக் குறைந்தது" என்றால் குறைந்து 1.3 இல் வந்து நின்றது என்று பொருள். "1.3 சதவீதத்தால் குறைந்தது" என்றால் குறைந்த அளவே 1.3 என்று பொருள். 'ஆக' என்பதற்கும் 'ஆல்' என்பதற்கும் இடையில் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. அதற்கு மேல், "விலைவாசி" என்ற சொல்லை நாம் விலைக்கும் விலையேற்றத்துக்கும் மாறிமாறிப் பயன்படுத்துகிறோம். திருத்தம் எழுதுபவர் இந்த இரண்டு இடங்களிலும் கண்ணை வைத்திருக்க வேண்டும். இல்லையேல் திருத்தத்திலும் அதே பிழை மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

முதற்படி: பிழையை உறுதிசெய்தல்

பிழை பொதுவாக ஒரு வாசகரின் மின்னஞ்சலில் வந்து சேர்கிறது. நமது எடுத்துக்காட்டில், வாசகர் ஒருவர் "விலைகள் 68.5 சதவீதம் குறையவில்லை, 1.3 சதவீதம்தான் குறைந்தன" என்று எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பிழையைக் கண்டது சரி. அவர் கூறும் திருத்தம் தவறு. விலைகள் சராசரியாக 1.3 சதவீதத்தால் உயர்ந்தன. அவசரத்தில் அவருடைய வாக்கியத்தையே எடுத்து வெளியிட்டிருந்தால், ஒரு பிழையின் இடத்தில் இன்னொரு பிழை வந்திருக்கும். ஆகவே முறைப்பாட்டாளரின் எண்ணையோ, அறிக்கையின் எண்ணையோ, இன்னோர் ஊடகம் மேற்கோள் காட்டிய எண்ணையோ நம்பாமல், அந்த எண்ணை முதலில் வெளியிட்ட ஆவணத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். இங்கு அது திணைக்களத்தின் மாதாந்த வெளியீடு. 2022 செப்டெம்பருக்குரியதையும் 2023 செப்டெம்பருக்குரியதையும் அச்செடுத்து, உரிய வரிகளைக் கோடிட்டு, கோப்பில் சேர்த்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எவராவது கேட்கும்போது அந்த இரண்டு தாள்களும் உங்களுக்காகப் பேசும்.

மூல ஆவணத்தைப் பார்க்கும்போது, அறிக்கை எழுதியவர் கவனியாத இன்னொன்றும் வெளிப்படுகிறது. 69.8 என்பது 2013=100 என்ற அடிப்படையாண்டில் கணிக்கப்பட்டது; 1.3 என்பது 2021=100 என்ற புதிய அடிப்படையில் கணிக்கப்பட்டது. அடிப்படையாண்டு மாற்றம் 2023 இன் தொடக்கத்தில் நிகழ்ந்தது. இவ்விரண்டும் ஒரே எண்ணைத் தருவதில்லை என்பதற்கு அந்த ஆண்டு ஜனவரி மாதமே சான்று: பழைய அடிப்படையில் பணவீக்கம் 54.2 சதவீதம், புதியதில் 51.7 சதவீதம். எனவே 69.8 இலிருந்து 1.3 ஐக் கழித்துப் பெற்ற 68.5 என்ற எண்ணைக் காப்பாற்ற முயலக்கூடாது. "68.5 சதவீதம் என்பதை 68.5 சதவீதப் புள்ளிகள் என வாசிக்கவும்" என்று எழுதினால் இலக்கணப்படி திருத்தம் முடிந்ததுபோல் தோன்றும்; ஆனால் இரண்டு வெவ்வேறு தொடர்களுக்கு இடையிலான அந்தக் கழித்தல் அப்படியே எஞ்சிவிடும். தேவையற்ற எண்ணைத் திருத்துவதிலும் பார்க்க நீக்குவதே நல்லது. (மேலே நான் கூறிய 172 ரூபாவும் இதே காரணத்தால் அண்ணளவானது. விளங்கிக்கொள்வதற்கு அது போதும். அறிவித்தலில் அது இடம்பெறக்கூடாது.)

இரண்டாம் படி: பிழை எங்கெல்லாம் பரவியுள்ளது என்று தேடுதல்

ஒரு பக்கத்தில் உள்ள எண் அந்தப் பக்கத்தோடு நிற்பதில்லை. அது சுருக்கத்துக்குப் போகும், வரைபடத்தின் தலைப்புக்குப் போகும், பரிந்துரைக்குப் போகும், ஊடக அறிக்கைக்கும் போகும். 14 ஆம் பக்கத்தை மட்டும் திருத்திவிட்டு, 3 ஆம் பக்கத்திலுள்ள சுருக்கத்தை விட்டுவிட்டால், பிழை இன்னமும் அறிக்கையில் இருக்கிறது. அதுவும் அதிகம் வாசிக்கப்படும் பக்கத்தில் இருக்கிறது.

கோப்பில் தேடும்போது நமது ஊருக்கே உரிய ஒரு தொல்லையைச் சந்திக்க நேரும். இங்கு இன்னமும் பல தமிழ் அறிக்கைகள் பாமினி எழுத்துருவில் பக்கமைக்கப்படுகின்றன. அவ்வாறான பிடிஎப் கோப்பில் "வீழ்ச்சி" என்று யூனிக்கோடில் தட்டித் தேடினால் எதுவும் கிடைக்காது. எதுவும் இல்லை என்று நினைத்துக் கோப்பை மூடிவிடுவோம். எண்கள் இரண்டு முறையிலும் ஒன்றாகவே இருப்பதால் முதலில் "68.5", "69.8", "1.3" என்று தேடுங்கள். அதன் பிறகு 48 பக்கங்களையும் கண்ணால் வாசியுங்கள். ஏனெனில் எண் எப்போதும் அதே உருவில் இருப்பதில்லை: "கிட்டத்தட்ட 70 சதவீதம்" என்று முழுமைப்படுத்தப்பட்டிருக்கும், "மூன்றில் இரண்டு பங்கு" என்று சொல்லாக மாறியிருக்கும், அல்லது படமாக ஒட்டப்பட்ட வரைபடத்துக்குள் எந்தத் தேடலுக்கும் அகப்படாமல் கிடக்கும்.

நமது அறிக்கையில் இவ்வாறு தேடியதில் நான்கு இடங்கள் கிடைக்கின்றன. பக்கம் 3 இல், சுருக்கத்தில், "விலைகள் கிட்டத்தட்ட 70 சதவீதம் குறைந்துள்ள நிலையில்" என்ற தொடர். பக்கம் 14 இல் மூல வாக்கியம். பக்கம் 15 இல் "விலைகளின் வீழ்ச்சி, 2022–2023" என்ற தலைப்புடன் உரு 2. அதில் வரையப்பட்ட கோடு பணவீக்கத்தைச் சரியாகவே காட்டுகிறது, தலைப்பு மட்டுமே தவறு. பக்கம் 31 இல், பரிந்துரை 4: "விலைகள் பெருமளவு வீழ்ச்சியடைந்துள்ளமையால், உலர் உணவுப் பொதிக்கான மாதாந்தத் தொகையைக் குறைப்பது பொருத்தமாகும்." பிழையின் உண்மையான பாரம் இந்த நான்காவது இடத்தில்தான் இருக்கிறது. முதல் மூன்றையும் நம்பி எவரும் எதையும் செய்யாமல் விடலாம். நான்காவதை நம்பினால் ஒரு குடும்பத்தின் அரிசி குறையும்.

மூன்றாம் படி: முடிவு நிற்கிறதா, விழுகிறதா

திருத்த அறிவித்தல்களில் நான் அதிகம் காணும் குறை இதுதான். எண் திருத்தப்படுகிறது, அந்த எண்ணின் மேல் கட்டப்பட்ட முடிவுக்கு என்ன ஆயிற்று என்று சொல்லப்படுவதில்லை. "இத்திருத்தம் அறிக்கையின் முடிவுகளைப் பாதிக்கவில்லை" என்ற வாக்கியம் சிலவேளை பழக்கத்தால் சேர்க்கப்படுகிறது. ஒவ்வொரு முடிவையும் எடுத்து, பிழையான கூற்றை நீக்கினால் இது தனியாக நிற்குமா என்று பார்த்த பின்னரே அந்த வாக்கியத்தை எழுதலாம்.

பரிந்துரை 4 ஐ அப்படிப் பார்ப்போம். "விலைகள் பெருமளவு வீழ்ச்சியடைந்துள்ளமையால்" என்ற காரணம் போய்விட்டது. ஆனால் இங்கு நின்று நிதானிக்க வேண்டும். பரிந்துரை உணவைப் பற்றியது. மொத்தப் பணவீக்கம் உணவையும் உணவல்லாதவற்றையும் சேர்த்தது. அதே மாதாந்த வெளியீட்டில் உணவுக்குரிய வரியைப் பார்த்தால், 2023 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் மறை 5.2 சதவீதம். அதாவது, உணவு விலைகள் அந்த ஓராண்டில் உண்மையிலேயே சராசரியாக 5.2 சதவீதத்தால் குறைந்திருந்தன. முன்னைய ஆண்டில் அவை 94.9 சதவீதத்தால் உயர்ந்திருந்தன என்பது வேறு விடயம். ஆகவே, "விலைகள் எதுவுமே குறையவில்லை" என்று சினத்தோடு எழுதப்படும் திருத்தமும் பிழையானதே. மொத்தமாக உயர்வு, உணவில் மட்டும் சிறு குறைவு: இதுவே சரி.

அப்படியானால் பரிந்துரை 4 தப்பிப் பிழைத்துவிடுகிறதா? இல்லை. 68.5 சதவீத வீழ்ச்சியைக் காரணமாகக் காட்டிச் செய்யப்பட்ட பரிந்துரையை, 5.2 சதவீதக் குறைவு தாங்காது. முந்தைய ஆண்டில் ஏறத்தாழ இருமடங்கான உணவுச் செலவு அந்தக் குறைவினால் பழைய நிலைக்குத் திரும்பிவிடவும் இல்லை. அறிக்கை எழுதியவர்கள் புதிய ஆதாரத்தோடு புதிய பரிந்துரை செய்ய விரும்பினால் செய்யலாம். ஆனால் அது இன்னோர் ஆவணத்தின் வேலை. திருத்த அறிவித்தலுக்குள் புதிய வாதங்களை நுழைத்து, பழைய பரிந்துரைக்குப் புதிய காரணம் தேடிக் கொடுப்பது முறையன்று. இங்கு செய்யக்கூடியது பரிந்துரை 4 ஐ மீளப்பெறுவது ஒன்றே.

முழு அறிக்கையையும் மீளப்பெற வேண்டுமா என்ற கேள்வியும் இந்த இடத்தில் எழும். அறிக்கையின் மையம் குடும்பங்களிடம் நேரில் திரட்டிய செலவு விபரங்களாக இருந்து, பணவீக்கப் பகுதி பின்னணியாக மட்டும் இருந்தால், தேவையில்லை. மையமே அந்த 68.5 ஆக இருந்திருந்தால், திருத்தம் போதாது. அறிக்கையையே மீளப்பெற வேண்டும்.

நான்காம் படி: எழுதுதல்

தலைப்பில் "திருத்த அறிவித்தல்" என்ற இரு சொற்களும் அறிக்கையின் பெயரும் இருந்தால் போதும். "விளக்கம்", "தெளிவுபடுத்தல்" போன்ற சொற்களைத் தவிர்க்க வேண்டும். விளக்கம் என்பது சரியாகச் சொல்லப்பட்டதைப் பிறர் தவறாக விளங்கிக்கொண்டபோது தருவது. இங்கு தவறாகச் சொன்னது நாம். அதேபோல, சிந்தனையில் நேர்ந்த பிழைக்கு "அச்சுப்பிழை" என்று பெயர் வைக்கக்கூடாது. அச்சகத்தாருக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

அடுத்து, தமிழ் வாக்கியத்தின் ஒழுங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நமது மொழியில் வினை இறுதியில் வருகிறது. "அறிக்கையின் 14 ஆம் பக்கத்தில் ஓராண்டில் பொருட்களின் விலைகள் 68.5 சதவீதத்தால் வீழ்ச்சியடைந்துள்ளன எனக் குறிப்பிடப்பட்டிருந்தமை தவறானது என்பதை அறியத்தருகிறோம்" என்று ஒரே மூச்சில் எழுதினால், வாசகர் பிழையான கூற்றை முழுவதுமாக வாசித்து முடித்த பின்னரே அது தவறு என்று அறிகிறார். மேலோட்டமாகப் பார்ப்பவர் பாதியில் நிறுத்திவிட்டால், திருத்த அறிவித்தலே பிழையைப் பரப்பிவிடும். எனவே முதல் வாக்கியத்தில் எதைப் பற்றிய கூற்று தவறு என்று மட்டும் சொல்லுங்கள்; இரண்டாவதில் சரியானதைச் சொல்லுங்கள்; பிழையான வாசகத்தை அதன் பின்னர், தனி வரியில், மேற்கோள் குறிக்குள், "வெளியானது" என்ற அடையாளத்தோடு கொடுங்கள். பிழையான வாசகத்தைக் கொடுக்காமலே விட்டுவிடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. விட்டுவிட்டால், பழைய பிரதியை வைத்திருப்பவர் எந்த வாக்கியத்தை அடிப்பது என்று அறிய மாட்டார். ஆகவே அதை எழுத்துக்கெழுத்து அப்படியே தர வேண்டும். சுருக்கியோ மெருகேற்றியோ தரக்கூடாது.

காரணத்தை ஒரு வாக்கியத்தில் சொன்னால் போதும். யார் செய்தார் என்பது அறிவித்தலுக்கு வேண்டியதில்லை. எப்படி நேர்ந்தது என்பது வேண்டும். ஏனெனில் பணவீக்கத்தை விலையாக வாசித்ததால் பிழை நேர்ந்தது என்று அறியும் வாசகர், அறிக்கையின் ஏனைய பகுதிகளில் எதைச் சந்தேகிப்பது, எதைச் சந்தேகிக்கத் தேவையில்லை என்று தாமே தீர்மானிக்கலாம். வருத்தமும் ஒரு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். மூன்று வரிகள் மன்னிப்புக் கேட்டு, ஒரு வரியில் திருத்தம் சொல்லும் அறிவித்தல்களை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம்.

இவ்வளவையும் சேர்த்தால் நமது அறிவித்தல் இவ்வாறு அமையும்:

திருத்த அறிவித்தல் 1
அறிக்கை: வடகொழும்புக் குடும்பங்களின் செலவுகள், 2023 (தமிழ்ப் பிரதி, 2023 டிசம்பர்)
அறிவித்தல் திகதி: 2024 பெப்ரவரி 12

இவ்வறிக்கையில், 2022 செப்டெம்பருக்கும் 2023 செப்டெம்பருக்கும் இடையில் கொழும்பில் பொருட்களின் விலைகள் மாறிய விதம் பற்றிய கூற்று தவறானது. அக்காலத்தில் விலைகள் மொத்தத்தில் சராசரியாக 1.3 சதவீதத்தால் உயர்ந்தன. உணவு விலைகள் மட்டும் சராசரியாக 5.2 சதவீதத்தால் குறைந்தன. பணவீக்க வீதம் விலை மட்டமாகக் கருதப்பட்டமையால் இப்பிழை நேர்ந்தது. பின்வரும் நான்கு இடங்களும் திருத்தப்படுகின்றன.

பக்கம் 14, பந்தி 2.
வெளியானது: "2022 செப்டெம்பரில் 69.8 சதவீதமாக இருந்த விலைவாசி 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதமாகக் குறைந்துள்ளது. அதாவது ஓராண்டில் பொருட்களின் விலைகள் 68.5 சதவீதத்தால் வீழ்ச்சியடைந்துள்ளன."
திருத்தம்: "கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, ஆண்டுக்கு ஆண்டு பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதமாகவும் (2013=100), 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதமாகவும் (2021=100) இருந்தது. விலைகள் உயரும் வேகமே குறைந்தது. 2023 செப்டெம்பரில் விலைகள், முந்தைய ஆண்டின் அதே மாதத்தில் இருந்ததைவிடச் சராசரியாக 1.3 சதவீதத்தால் உயர்ந்திருந்தன."

பக்கம் 3, சுருக்கம்.
வெளியானது: "விலைகள் கிட்டத்தட்ட 70 சதவீதம் குறைந்துள்ள நிலையில்"
திருத்தம்: "விலைகள் உயரும் வேகம் பெருமளவு குறைந்துள்ள நிலையில்"

பக்கம் 15, உரு 2, தலைப்பு.
வெளியானது: "விலைகளின் வீழ்ச்சி, 2022–2023"
திருத்தம்: "ஆண்டுக்கு ஆண்டு பணவீக்கம், 2022–2023". உருவிலுள்ள எண்களில் மாற்றமில்லை.

பக்கம் 31, பரிந்துரை 4.
இப்பரிந்துரை மேற்கூறிய தவறான கூற்றை ஆதாரமாகக் கொண்டிருந்தமையால் முழுமையாக மீளப்பெறப்படுகிறது. ஏனைய பரிந்துரைகள் அக்கூற்றில் தங்கியிருக்கவில்லை, அவற்றில் மாற்றமில்லை.

சரியான எண்களுக்கான மூலம்: தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2022 செப்டெம்பர், 2023 செப்டெம்பர் மாதாந்த வெளியீடுகள். இப்பிழைக்கு வருந்துகிறோம்.

இதில் 14 ஆம் பக்கம் 3 ஆம் பக்கத்துக்கு முன்னர் வருவதைச் சிலர் ஒழுங்குப் பிழை என்பார்கள். பிழை பிறந்த இடத்தை முதலில் காட்டினால் ஏனையவை ஏன் திருத்தப்படுகின்றன என்பது விளங்கும் என்று கருதியே அவ்வாறு வைத்தேன். இடங்கள் பத்துக்கு மேற்பட்டால் பக்க ஒழுங்கே நல்லது. உரு 2 இன் கீழ் "எண்களில் மாற்றமில்லை" என்று சேர்த்ததும் வேண்டுமென்றேதான். அது இல்லாவிட்டால், தலைப்பே தவறென்றால் கோட்டையும் நம்ப முடியாதே என்று வாசகர் ஐயுறுவார்.

ஐந்தாம் படி: மும்மொழிப் பிரதிகள்

தமிழ்ப் பிரதியில் உள்ள பிழை ஆங்கிலப் பிரதியிலும் சிங்களப் பிரதியிலும் உண்டா என்று தனித்தனியே பார்க்க வேண்டும். எமது அலுவலகங்களில் அறிக்கை பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு மற்ற இரு மொழிகளுக்கும் மொழிபெயர்க்கப்படுவதால், மூலத்தில் சரியாக இருந்த வாக்கியம் மொழிபெயர்ப்பில் மட்டும் சரிந்திருக்கலாம். அப்படியானால் தமிழ் அறிவித்தலில், "இப்பிழை தமிழ்ப் பிரதியில் மட்டும் இடம்பெற்றது" என்று சேர்க்க வேண்டும். இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்து வாசிப்பவருக்கு எது சரி என்ற குழப்பம் அதனால் நீங்கும். மூன்றிலும் பிழை இருந்தால், மூன்று அறிவித்தல்களும் ஒரே நாளில் வெளியாக வேண்டும். ஆங்கில அறிவித்தல் இன்று, தமிழ் அறிவித்தல் மொழிபெயர்ப்பு வந்ததும் என்று தள்ளிப்போடுவது, தமிழில் வாசித்தவர் மட்டும் மேலும் சில வாரங்கள் பிழையோடு இருக்கட்டும் என்று விடுவதற்கு ஒப்பாகும்.

பக்க எண்களை ஆங்கில அறிவித்தலிலிருந்து அப்படியே எடுக்கக்கூடாது. தமிழ் வாசகம் நீளமானது. ஆங்கிலப் பிரதியின் 12 ஆம் பக்கம் தமிழில் 14 ஆகியிருக்கும். பந்தி எண்ணும் மாறியிருக்கலாம். தமிழ் அறிவித்தலை எழுதுபவர் தமிழ்ப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டே எழுத வேண்டும்.

ஆறாம் படி: சேர வேண்டிய இடங்களில் சேர்த்தல்

இணையத்தளத்தில், அறிக்கை இருக்கும் அதே பக்கத்தில், தரவிறக்கும் இணைப்புக்கு மேலேயே அறிவித்தல் இருக்க வேண்டும். "செய்திகள்" பகுதியில் போட்டால் ஒரு மாதத்தில் அது கீழே இறங்கி மறைந்துவிடும். திருத்திய கோப்பைப் பதிவேற்றும்போது, அதன் முதற்பக்கத்தில் "2024 பெப்ரவரி 12 இல் திருத்தப்பட்டது, திருத்தங்கள் இறுதிப் பக்கத்தில்" என்று குறித்து, அறிவித்தல் முழுவதையும் இறுதியில் இணைத்துவிடுங்கள். பழைய கோப்பையும் "திருத்தத்துக்கு முந்தியது" என்ற அடையாளத்தோடு வைத்திருப்பது நல்லது. அதை மேற்கோள் காட்டி எழுதியவர்கள் தாம் பொய் சொல்லவில்லை என்று காட்ட அது தேவைப்படும்.

அச்சுப் பிரதிகளுக்கு, அறிவித்தலை அரைத்தாளில் அச்சிட்டு, அலுவலகத்தில் எஞ்சியுள்ள பிரதிகளில் 14 ஆம் பக்கத்தில் ஒட்டலாம். செருகி மட்டும் வைத்தால் விழுந்துவிடும். ஏற்கெனவே விநியோகித்தவற்றுக்கு, அனுப்பியபோது தயாரித்த முகவரிப் பட்டியலையே எடுத்து, அதே ஆட்களுக்கு அதே வழியில் அனுப்ப வேண்டும்: கொழும்பு பொது நூலகத்துக்குப் பிரதி கொடுத்திருந்தால் அங்கும், பிரதேச செயலகங்களுக்குக் கொடுத்திருந்தால் அங்கும். பரிந்துரை 4 ஐப் படித்துத் தீர்மானம் எடுக்கக்கூடியவர்களுக்கு, அதாவது உணவுப் பொதிக்கு நிதி தரும் அமைப்புகளுக்கு, பொது அறிவித்தலோடு நில்லாமல் தனிக் கடிதம் எழுதித் தொலைபேசியிலும் சொல்லிவிட வேண்டும். ஊடக அறிக்கையில் அந்த எண் போயிருந்தால், அதை வெளியிட்ட பத்திரிகைகளின் ஆசிரியர்பீடத்துக்கு அவர்களுடைய செய்தியின் திகதியையும் பக்கத்தையும் குறிப்பிட்டு எழுதுங்கள். அவர்களும் தங்கள் பக்கத்தில் திருத்தம் போட அது உதவும்.

வெளியிடுமுன் ஒரு சோதனை

அறிக்கை தயாரிப்பில் சம்பந்தப்படாத ஒருவரிடம் பழைய அச்சுப் பிரதியையும் அறிவித்தலையும் ஒரு சிவப்புப் பேனாவையும் கொடுத்து, வேறு எதுவும் சொல்லாமல், திருத்தித் தருமாறு கேளுங்கள். அவர் நான்கு இடங்களையும் தானே கண்டுபிடித்து, சரியான வாசகத்தை எழுதி, பரிந்துரை 4 ஐக் குறுக்காக அடித்துவிட்டால் அறிவித்தல் வெளியிடத் தயார். பந்தி 2 என்றால் தலைப்பை எண்ணுவதா, முந்தைய பக்கத்திலிருந்து தொடரும் பந்தியை எண்ணுவதா என்று அவர் தயங்கினால், "பந்தி 2" என்பதோடு அப்பந்தி தொடங்கும் முதல் இரு சொற்களையும் சேர்த்துவிடுங்கள். திருத்தி முடித்த பின்னர், "அப்படியானால் விலை கூடியதா, குறைந்ததா?" என்று அவரிடம் கேளுங்கள். "மொத்தமாகக் கொஞ்சம் கூடியிருக்கிறது, சாப்பாட்டுச் சாமான் மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது" என்று பதில் வந்தால் நல்லது. அவர் வேறு பதில் சொன்னால், பிழை அவரிடம் இல்லை. முதற்பந்தியின் இரண்டாவது வாக்கியத்தை மாற்றி எழுதிவிட்டு இன்னொருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

அறிவித்தல் வெளியான பின்னர் ஐந்தாவது இடமொன்று தென்பட்டால், முதல் அறிவித்தலைத் திறந்து அதற்குள் அதை நுழைக்க வேண்டாம். அது ஏற்கெனவே பலர் கைக்குப் போய்விட்டது. "திருத்த அறிவித்தல் 2" என்று இலக்கமிட்டு, புதிய திகதியோடு, அந்த ஓர் இடத்தை மட்டும் குறிப்பிட்டு வெளியிடுங்கள். முதலாவதற்கு 1 என்று இலக்கமிட்டது இதற்காகத்தான்.